மலை உச்சியிலும் மூச்சு வாங்காத எஞ்சின்

1918-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், பைக்ஸ் பீக் என்ற மலையின் உச்சிக்கு ஒரு விமான எஞ்சினை லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். கூடவே போனவர் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியாளர் சான்ஃபோர்ட் மாஸ். எஞ்சினின் பெயர் லிபர்ட்டி. முதல் உலகப் போருக்காக அமெரிக்கா செய்தது. விமானத்தில் பொருத்தி மேலே அனுப்பினால் அங்கே அது எவ்வளவு சக்தி தருகிறது என்று அளப்பது கடினம். 14,000 அடி உயரத்துக்கு லாரி போகப் பாதை இருக்கும்போது, அங்கேயே நிறுத்தி நிதானமாக அளக்கலாமே என்பதுதான் திட்டம்.

கடல்மட்டத்தில் 350 குதிரைசக்தி தந்த எஞ்சின், உச்சியில் 230 மட்டுமே தந்தது. எஞ்சினில் எந்தப் பழுதும் இல்லை. பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் அதே கனஅளவு காற்றைத்தான் இழுக்கிறது. ஆனால் அந்த உயரத்தில் அதே கனஅளவுக்குள் இருக்கும் காற்றின் எடை கடல்மட்டத்தில் இருப்பதில் 65 சதவீதம்தான். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய அதைப்போல 15 மடங்கு எடையுள்ள காற்று வேண்டும். காற்று குறைந்தால் பெட்ரோலையும் குறைத்துத்தான் ஆக வேண்டும். சக்தியும் அதே அளவு இறங்கும். 350-இல் 65 சதவீதம் எவ்வளவு என்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய அந்த 230 வந்துவிடும்.

அடுத்து மாஸ் தன் கருவியைப் பொருத்தி எஞ்சினை ஓட்டினார். அதே உச்சியில் 356 குதிரைசக்தி கிடைத்தது. எஞ்சினைப் பொறுத்தவரை அது மலையேறவே இல்லை என்பதுபோல.

அந்தக் கருவிதான் டர்போசார்ஜர். ஒரே தண்டின் இரு முனைகளிலும் இரண்டு சக்கரங்கள். ஒன்று டர்பைன், எஞ்சினிலிருந்து சீறிவரும் புகை அதன் இதழ்களில் மோதிச் சுழற்றுகிறது. மற்றொன்று கம்ப்ரெஸர், தண்டோடு சேர்ந்து சுழன்று, வெளிக்காற்றை இழுத்து அமுக்கிச் சிலிண்டர்களுக்கு அனுப்புகிறது. வீணாக வெளியேறும் புகையின் வேகத்தையும் வெப்பத்தையும் கொண்டே எஞ்சினுக்கு மூச்சு ஊட்டுகிற வேலை இது. முழுக்க இலவசம் என்றும் சொல்லிவிட முடியாது. புகைக்குழாயின் வழியில் டர்பைன் மறித்து நிற்பதால், புகையை வெளியே தள்ள பிஸ்டன் சற்றுக் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது.

உயரம் கூடக்கூட அமுக்க வேண்டிய அளவும் கூடும். கடல்மட்டக் காற்றழுத்தம் சுமார் 30 அங்குலப் பாதரசம். 18,000 அடியில் அது பாதியாகி 15 அங்குலத்துக்கு வந்துவிடும். அங்கே சிலிண்டருக்கு 30 அங்குலம் கிடைக்க வேண்டுமானால் காற்றை இரண்டு மடங்கு அமுக்க வேண்டும். அப்படி அமுக்கக்கூடிய கம்ப்ரெஸர் தரையிலும் அதே வேகத்தில் சுழன்றால், அழுத்தம் அளவுக்கு மீறி எஞ்சினே உடைந்துபோகும். அதைத் தடுக்கத்தான் வேஸ்ட்கேட் என்ற கதவு. டர்பைனுக்கு முன்னால் புகைக்குழாயில் இருக்கும் இது திறந்திருக்கும்போது, புகையின் பெரும்பகுதி டர்பைனைத் தொடாமல் வெளியே போய்விடும். விமானம் ஏற ஏறக் கதவு கொஞ்சம் கொஞ்சமாக மூடும். டர்பைனுக்குப் போகும் புகை கூடும். கம்ப்ரெஸர் வேகம் எடுக்கும். இன்றைய பல விமானங்களில் எஞ்சின் ஆயிலின் அழுத்தம்தான் இந்தக் கதவை மூடுகிறது. திறப்பது ஒரு ஸ்பிரிங். குளிர்ந்த காலையில் ஆயில் கெட்டியாக இருந்தால் கதவு மெதுவாகத்தான் அசையும். அந்த நேரத்தில் பைலட் த்ரோட்டிலை ஒரேயடியாகத் தள்ளினால், கதவு திறப்பதற்குள் அழுத்தம் எல்லை தாண்டிவிடும். ஆயில் சூடாகும்வரை காத்திருந்து, த்ரோட்டிலை நிதானமாகத் தள்ளச் சொல்வது இதனால்தான்.

ஏதோ ஓர் உயரத்தில் கதவு முழுவதும் மூடிவிடும். அதற்கு மேல் டர்பைனுக்குக் கொடுக்கக் கூடுதல் புகை இல்லை. அந்த உயரம்வரை எஞ்சினின் முழு சக்தியும் கிடைக்கும். அதைத் தாண்டினால் இதுவும் சாதாரண எஞ்சினைப்போல ஆயிரம் அடிக்கு ஆயிரம் அடி சோர்ந்துகொண்டே போகும். டர்போ எஞ்சினின் திறமைக்கு எல்லைக்கோடு இந்த உயரம்தான்.

இன்னொரு எல்லை வெப்பம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுவதைப்போல, அமுக்கப்பட்ட காற்றும் சூடாகும். 18,000 அடியில் வெளிக்காற்று சுமார் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ். அதை இரண்டு மடங்கு அமுக்கினால், கம்ப்ரெஸரை விட்டு வரும்போது ஏறக்குறைய 60 டிகிரி இருக்கும். சூடான காற்று விரிந்து அடர்த்தி இழக்கும். அமுக்கியதன் பலனில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். அதைவிட ஆபத்து, சிலிண்டருக்குள் பெட்ரோல் சீராக எரியாமல் மொத்தமாக வெடித்து பிஸ்டனைச் சேதப்படுத்துவது. இதைத் தவிர்க்க வழியில் இன்டர்கூலர் வைத்துக் காற்றைக் குளிர்விக்கிறார்கள். சிலிண்டருக்குள் அமுக்கும் விகிதத்தையும் குறைக்கிறார்கள். சிர்ரஸ் எஸ்ஆர்22 என்ற நான்கைந்து பேர் பயணிக்கும் சிறு விமானத்தில் இதைக் காணலாம். டர்போ இல்லாத வகையில் விகிதம் 8.5, டர்போ வகையில் 7.5. குதிரைசக்தி 310, 315 என்று கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் முதலாவது 17,500 அடிவரையே பறக்கும். டர்போ வகைக்கு 25,000 அடிவரை அனுமதி உண்டு.

எஞ்சினுக்கு மூச்சு கிடைத்துவிட்டது, ஓட்டுபவருக்கு? மாஸின் டர்போ பொருத்திய லிபர்ட்டி எஞ்சினோடு 1920 பிப்ரவரி 27 அன்று, ஒஹாயோ மாநிலத்தின் டேட்டனிலிருந்து ருடால்ஃப் ஷ்ரோடர் கிளம்பி, 33,000 அடியைத் தாண்டினார். அங்கே ஆக்ஸிஜன் தீர்ந்தது. கண்ணாடியைத் தூக்கியதும் கடுங்குளிரில் கண்கள் உறைந்தன, மயங்கினார். விமானம் பல மைல் ஆழத்துக்கு விழுந்தது. கீழே அடர்ந்த காற்றுக்கு வந்த பிறகு நினைவு திரும்பி, பாதி தெரியாத கண்களோடு தரையிறக்கினார்.

இன்றைய பைலட்டுக்கு வரும் ஆபத்து வேறு விதம். 20,000 அடியில் கம்ப்ரெஸரிலிருந்து வரும் ரப்பர் குழாய் கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 30 அங்குலம் காட்டிய அழுத்தமானி சட்டென்று வெளிக்காற்றின் 14 அங்குலத்துக்கு இறங்கும். காற்று பாதியாகிவிட்டது, பெட்ரோலோ பழைய அளவிலேயே வந்துகொண்டிருக்கிறது. எஞ்சின் பெட்ரோலில் மூழ்கித் திணறும், நின்றும் போகலாம். அப்போது பெட்ரோலைக் குறைத்தால், டர்போ இல்லாத எஞ்சின்போலப் பெரும்பாலும் மறுபடி ஓடத் தொடங்கும். உயரத்தைக் குறைத்துக்கொண்டு இறங்கி வரலாம். டர்பைனுக்கு முன்னுள்ள புகைக்குழாய் விரிசல் விட்டால் நிலைமை மோசம். கொதிக்கும் புகை எஞ்சின் அறைக்குள் நெருப்பாகப் பாயும்.

அந்த விரிசல் சிறியதாக இருக்கும்போதே ஓர் அடையாளம் காட்டும். டர்பைனை அடைய வேண்டிய புகை வழியிலேயே ஒழுகுவதால், வேஸ்ட்கேட் வழக்கத்தைவிடச் சீக்கிரமே முழுவதும் மூடிவிடும். போன மாதம் 18,000 அடிவரை அசையாமல் நின்ற அழுத்தமானி முள், இந்த மாதம் 15,000 அடியிலேயே இறங்கத் தொடங்கும். எந்த உயரத்தில் முள் இறங்குகிறது என்பதை ஒவ்வொரு பயணத்திலும் குறித்துவைக்கும் பைலட்டுக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும். அந்தக் குறிப்பைப் பார்த்த மெக்கானிக் முதலில் டார்ச் அடித்துத் தேடுவது புகைக்குழாயின் இணைப்புகளைத்தான்.