மோட்டார் ஓடினால் மீட்டர் ஏன் துள்ளுகிறது?

ஒரு சாயப்பட்டறையின் தண்ணீர் பம்பை எடுத்துக்கொள்வோம். மோட்டாரை ஓட்டுவது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ். குழாயில் இருக்கும் பிரஷர் சென்சார், ஒரு பாருக்கு ஒரு வோல்ட் என்ற கணக்கில் 30 மீட்டர் தள்ளியிருக்கும் பேனலுக்கு சிக்னல் அனுப்புகிறது. பம்பு நிற்கும்போது திரையில் எண் நிலையாக இருக்கிறது. ஓடத் தொடங்கியதும் 5.6க்கும் 6.4க்கும் இடையே துள்ளுகிறது. அதே குழாயில் உள்ள முள் கேஜோ 6ஐ விட்டு அசையவில்லை. அப்படியானால் ஆடுவது தண்ணீர் அல்ல, சிக்னல்தான். சென்சாரை மாற்றிப் பயனில்லை.

இரண்டு எர்த், ஒரு வளையம்

சென்சாரின் 0 வோல்ட் வயரைப் பம்பு பக்கத்து ஜங்ஷன் பாக்ஸில் ஒருவர் எர்த் செய்திருப்பார். பேனலிலும் அதே வயர் எர்த் ஆகியிருக்கும். மோட்டாரின் கசிவு மின்சாரத்தால் இரண்டு எர்த்துக்கும் இடையே சிறு வோல்டேஜ் உருவாகி, அந்த வயர் வழியாகவும் மின்சாரம் ஓடுகிறது. இதுதான் கிரவுண்ட் லூப்.

மோட்டார் ஓடும்போது மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஜங்ஷன் பாக்ஸ் எர்த்துக்கும் பேனல் எர்த்துக்கும் இடையே அளந்தால் இது தெரிந்துவிடும். 0.3 வோல்ட் காட்டினால் அதன் உச்சம் 0.42 வோல்ட். சிக்னலில் அது 0.4 பார் அளவுக்கு மேலும் கீழும் ஆட்டம். திரையில் பார்த்த துள்ளலுக்கு இந்தக் கணக்கு சரியாகப் பொருந்துகிறது.

பம்பு பக்கத்தில் 0 வோல்ட் வயருக்கும் எர்த்துக்கும் உள்ள இணைப்பை மட்டும் எடுத்துவிட்டு, பேனல் பக்கத்தை அப்படியே விட வேண்டும். மோட்டாரின் பாதுகாப்பு எர்த்தை ஒருபோதும் கழற்றக் கூடாது. அது உயிர் காக்கும் வயர். சென்சாருக்குள்ளேயே 0 வோல்ட்டும் உடலும் இணைந்திருந்தால், இடையில் ஒரு சிக்னல் ஐசொலேட்டர் போடுவதே வழி.

ஷீல்டின் வேலை

லூப் போன பிறகும் சிறு துடிப்பு மிச்சமிருந்தால் டிரைவைச் சந்தேகிக்கலாம். அது நொடிக்குச் சில ஆயிரம் முறை சுமார் 590 வோல்ட்டைத் திறந்து மூடுகிறது. மோட்டார் கேபிளை ஒட்டி ஒரே ட்ரேயில் சென்சார் கேபிளும் போனால் அந்தத் துடிப்பு தாவிவிடும். இரண்டையும் ஓரடியாவது பிரித்து, குறுக்கிடும் இடத்தில் செங்கோணமாகக் கடக்க விட வேண்டும்.

சென்சாருக்கு முறுக்கிய ஜோடி வயரும் ஷீல்டும் உள்ள கேபிள் நல்லது. அதன் ஷீல்டைப் பேனலில் மட்டும் எர்த் செய்து, மறுமுனையை வெட்டி டேப் சுற்றிவிடலாம். இரு முனையும் எர்த் ஆனால் ஷீல்டே இன்னொரு லூப் ஆகிவிடக்கூடும். மோட்டார் கேபிளின் ஷீல்டுக்கு விதி நேர்மாறு. டிரைவிலும் மோட்டாரிலும், சுற்றிலும் பிடிக்கும் கிளாம்ப் போட்டு எர்த் செய்ய வேண்டும்.

ஃபில்டர் கடைசியில்

1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 10 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டரும் சேர்ந்தால் சுமார் 16 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை மங்கத் தொடங்கும். டிரைவின் 4 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு 250இல் ஒரு பங்காகிவிடும். ஆனால் லூப் கொண்டுவரும் 50 ஹெர்ட்ஸில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு தங்கிவிடும். அதையும் அடக்க ஃபில்டரைப் பெரிதாக்கினால் திரை அமைதியாகும், ஆனால் குழாய் அழுத்தம் விழுந்த செய்தி டிரைவுக்குத் தாமதமாகப் போய்ச் சேரும். அதனால்தான் லூப், ஷீல்டு இரண்டையும் சரிசெய்த பிறகே ஃபில்டரைத் தொட வேண்டும்.