அனுப்புநர் முகவரி பொய்யானால்

இணையத்தில் செல்லும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் தலைப்பகுதியிலும் இரண்டு ஐ.பி. முகவரிகள் இருக்கும். ஒன்று அது போய்ச் சேர வேண்டிய இடம். மற்றது அது புறப்பட்ட இடம். வழியிலுள்ள ரவுட்டர்கள் பொதுவாக முதல் முகவரியை மட்டும் பார்த்துப் பொட்டலத்தை நகர்த்துகின்றன. இரண்டாவதை அனுப்பும் கணினியே எழுதிக்கொள்கிறது. கடித உறையின் மேல் அடுத்த தெருக்காரர் பெயரை அனுப்புநராக எழுதித் தபால்பெட்டியில் போட முடிவதைப் போல, இங்கும் யாருடைய முகவரியையும் எழுதிவிடலாம்.

இப்படிப் பொய் சொல்லி டி.சி.பி. இணைப்பு ஒன்றை ஏற்படுத்துவது கடினம். தகவல் பரிமாறுவதற்கு முன் இரு பக்கமும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். பதில் வேறு எங்கோ போய்விட்டால் இணைப்பு அமையாது. யு.டி.பி. நெறிமுறையில் அந்த முன்னுரை கிடையாது. கேள்வி வந்தவுடன், அதில் எழுதியிருக்கும் முகவரிக்குப் பதில் கிளம்பிவிடும். எதிரொளிப்புத் தாக்குதல் இதைத்தான் பயன்படுத்துகிறது. தாக்குபவர் தாம் குறிவைத்தவரின் முகவரியை அனுப்புநராகப் போட்டு, எங்கெங்கோ உள்ள சர்வர்களிடம் கேள்வி கேட்கிறார். பதில்கள் எல்லாம் கேட்காதவர் தலையில் விழுகின்றன. கேள்வி சிறிதாகவும் பதில் பெரிதாகவும் இருந்தால் வெள்ளம் பல மடங்காகும்.

எத்தனை மடங்கு என்பதற்கு 2018 பிப்ரவரி 28 அன்று கிட்ஹப் தளம் தாக்கப்பட்டதே நல்ல உதாரணம். அதற்குப் பயன்பட்டது மெம்கேஷ்டு என்ற மென்பொருள். தரவை நினைவகத்தில் வைத்து வேகமாக எடுத்துத் தரும் இது, நிறுவனங்களின் உள் வலையமைப்புக்குள் இருக்க வேண்டியது. ஆனால் பல்லாயிரம் சர்வர்களில் அதன் 11211 போர்ட் வெளியுலகுக்குத் திறந்து கிடந்தது, கடவுச்சொல்லும் கேட்கவில்லை. 15 பைட் கேள்விக்கு 750 கிலோபைட் பதில் வந்ததை அப்போது கிளவுட்ஃபிளேர் பொறியாளர்கள் பதிவு செய்தார்கள். ஏறத்தாழ 51,000 மடங்கு! அன்று கிட்ஹப்பை நோக்கி வந்த வெள்ளம் உச்சத்தில் நொடிக்கு 1.35 டெராபிட்டைத் தொட்டது. தளம் சில நிமிடங்கள் முடங்கியது. வரும் போக்குவரத்தை அகமாய் நிறுவனத்தின் வழியே திருப்பி வடிகட்டிய பிறகு நிலைமை சீரானது.

கிட்ஹப்பின் ரவுட்டர்களில் தெரிந்த முகவரிகள் எல்லாம் மெம்கேஷ்டு சர்வர்களுடையவை. அந்தச் சர்வர்களின் பதிவுகளைத் தேடினால் அங்கே இருப்பது கிட்ஹப்பின் முகவரி. தாக்கியவரின் சுவடு இரண்டு முனையிலும் இல்லை. அதன் பின் மெம்கேஷ்டின் 1.5.6 பதிப்பில் யு.டி.பி. இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டது. ஆனால் டி.என்.எஸ்., நேரம் காட்டும் என்.டி.பி. போன்ற சேவைகளை அப்படி அணைத்துவிட முடியாது. அவை பொதுமக்களுக்கு யு.டி.பி.யில் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஆகவே பொய்யைத் தடுக்க ஏற்ற இடம் பொட்டலம் புறப்படும் வாசல்தான். ஒரு வாடிக்கையாளருக்கு எந்த முகவரிகளை ஒதுக்கினோம் என்பது அவருடைய இணையச் சேவை நிறுவனத்துக்குத் தெரியும். 203.0.113.0 முதல் 203.0.113.255 வரை கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த இணைப்பிலிருந்து 198.51.100.7 என்ற அனுப்புநர் முகவரியோடு வரும் பொட்டலம் பொய். அதை அங்கேயே கைவிட்டுவிடலாம். இதுவே நுழைவு வடிகட்டல். பால் ஃபெர்குசன், டேனியல் சினி இருவரும் எழுதிய ஆர்.எஃப்.சி. 2827 என்ற ஆவணம் 2000 மே மாதமே இதைப் பரிந்துரைத்தது. துறையில் இதை பி.சி.பி. 38 என்பார்கள். சிஸ்கோ ரவுட்டரில் வாடிக்கையாளர் பக்க இணைப்புக்கு ஒரே வரி போதும்:

```
ip verify unicast source reachable-via rx
```

வந்த முகவரிக்குப் பதில் அனுப்பினால் அது இதே இணைப்பு வழியாகப் போகுமா என்று ரவுட்டர் தன் வழித்தட அட்டவணையில் பார்க்கும். போகாது என்றால் பொட்டலத்தைத் தள்ளிவிடும். இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கியவர்களிடம் இது சிக்கலாகலாம். அவர்களுடைய பொட்டலம் ஒரு வழியில் போய், பதில் மறு வழியில் வருவது இயல்பு. கண்டிப்பான சோதனை நேர்மையான பொட்டலத்தையும் கொன்றுவிடும். அங்கே முகவரிப் பட்டியலை வைத்து வடிகட்டுவதே நல்லது. வலையமைப்பின் நடுவிலோ இது இயலவே இயலாது: பெரிய நிறுவனங்களுக்கு இடையிலான இணைப்பில் எந்த முகவரியும் நியாயமாக வரக்கூடும்.

வடிகட்டல் எல்லாவற்றையும் தீர்ப்பதில்லை. அதே 256 முகவரிகளுக்குள் பக்கத்து முகவரியைத் திருடுவது இதில் தப்பிவிடும். தம் சொந்த முகவரியிலிருந்தே தாக்கும் கைப்பற்றப்பட்ட கணினிகளையும் இது நிறுத்தாது. ஆனால் அவை எங்கே இருக்கின்றன என்பதாவது தெரியும். பெரிய தடை தொழில்நுட்பத்தில் இல்லை, கணக்கில்தான் இருக்கிறது: வடிகட்டும் செலவு ஒரு நிறுவனத்துக்கு, பலன் முன்பின் தெரியாத இன்னொருவருக்கு. அதனால்தான் இத்தனை எளிய பரிந்துரை இத்தனை ஆண்டுகளாகியும் எல்லா வலையமைப்புகளிலும் நடைமுறைக்கு வரவில்லை.