வெண்திட்டும் வைத்திய அறிக்கையும்

பல்லேகலவில் வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் ஒருவருக்குக் கன்னத்தின் உட்புறம் வெண்திட்டுத் தோன்றிற்று எனக் கொள்வோம். பேராதனைப் பல் வைத்தியசாலையில் அதிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிக்கின்றனர். அறிக்கையில் ‘ஹைப்பர்பிளேசியா’ என்றிருப்பின், உயிர்க்கலங்கள் தொகையிற் பெருகியுள்ளன. அவற்றின் ஒழுங்கு குலையவில்லை. இதனைப் ‘பினைன்’, அதாவது புற்றுநோயல்லாதது, என்பர். ‘டிஸ்பிளேசியா’ எனின் ஒழுங்கே குலைந்துள்ளது. அதுவும் புற்றுநோயன்று; ஆயினும் சிலரிடத்துப் பின்னர் அவ்வாறு மாறக்கூடும். எனவே, இலேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்ற சொல்லையே முதலில் தேடுக.

‘மார்ஜின்’, அதாவது வெட்டிய விளிம்பு, என்பதைக் கண்டே பலர் வீணாகக் கலங்குவர். திட்டு முழுவதையும் அகற்றியபின் விளிம்பிலும் கோளாறு காணப்பட்டால், எச்சம் வாயில் தங்கியிருக்கலாம். மாதிரித் துண்டிலோ அது இயல்பே. திட்டின் நடுவே வெட்டியதன்றோ! ஆனால் அத்துண்டு நன்றாயிருப்பது முழுத் திட்டுக்கும் உறுதியாகாது. திட்டுத் தடித்தாலோ, புண்ணாகி ஆறாதிருந்தாலோ, மறுபடியும் துண்டு எடுக்கவேண்டும்.