எடை அப்படியே இருக்கட்டும், செட்டைக் குறையுங்கள்

செப்டம்பர் 30 வருமான வரித் தணிக்கை அறிக்கைக்குக் கடைசி நாள் என்றால், ஆகஸ்ட் பாதியிலிருந்தே ஆடிட்டர் அலுவலகங்களில் ராத்திரி வேலைதான். வாரம் 3 நாள் ஜிம்முக்குப் போனவர்கள் "சீசன் முடியட்டும்" என்று மொத்தமாக நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. பலத்தைச் சேர்க்க ஆகும் உழைப்பில் சிறு பங்கு போதும், சேர்த்ததைக் காப்பாற்ற.

அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழக (பர்மிங்ஹாம்) ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. பங்கேற்றவர்கள் 16 வாரம், வாரம் 3 நாள் கால்களுக்கு எடைப் பயிற்சி செய்தார்கள். பிறகு ஒரு குழுவினர் வாரம் ஒரே நாள், ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரே செட் என்று ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்டு 32 வாரம் தொடர்ந்தார்கள். இளைஞர்களுக்குப் பலமும் தசை அளவும் குறையவில்லை. 60 வயது தாண்டியவர்களுக்குப் பலம் நின்றது, தசை அளவு நிற்கவில்லை. அவர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே செய்ய வேண்டும்.

இதில் விட்டுக்கொடுக்கக் கூடாதது தூக்கும் எடை. 80 கிலோவில் 5 முறை ஸ்குவாட் செய்யும் 36 வயது ஆடிட்டர் ஒருவரை வைத்துப் பார்ப்போம். செவ்வாய்க்கிழமை அவர் 40 கிலோவில் 5, 60-இல் 3, 70-இல் 1 என்று உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, 80 கிலோவில் 5 முறை ஒரு செட் போடுகிறார். 3 நிமிடம் ஓய்வு. அடுத்து 72.5 கிலோவில் இன்னொரு செட். இதே முறையில் பெஞ்ச் பிரஸ்ஸும் ரோவும். சனிக்கிழமை டெட்லிஃப்ட், தலைக்கு மேல் தூக்கும் ஓவர்ஹெட் பிரஸ், புல்டவுன். நாளுக்கு 40 நிமிடத்தில் முடிந்துவிடும். பைசெப்ஸ் கர்ல் போன்ற துணைப் பயிற்சிகள் அக்டோபர் வரை காத்திருக்கலாம்.

நேரம் இல்லையே என்று எடையைப் பாதியாக்கி, ஓய்வில்லாமல் 20 முறை தூக்குவதுதான் பலர் செய்கிற தவறு. மூச்சு வாங்கும், வியர்க்கும், செய்த திருப்தியும் கிடைக்கும். ஆனால் அதிக எடையைத் தூக்கும் திறன் மெல்ல நழுவும். தூக்கம் குறைந்திருக்கும் இந்த நாட்களில், இனி ஒருமுறைகூட முடியாது என்கிற அளவுக்குப் போவதும் வேண்டாம். இன்னும் ஒன்றிரண்டு முடியும் என்ற நிலையிலேயே நிறுத்தலாம்.

திட்டம் பலிக்கிறதா என்பதை நோட்டுப்புத்தகம் சொல்லிவிடும். கண்விழித்த இரவுக்கு மறுநாள் 80 கிலோ மலையாகக் கனத்தால் 75 போதும், கவலைப்பட ஒன்றுமில்லை. நன்றாகத் தூங்கியும் அடுத்தடுத்து இரண்டு வாரம் 5 முறை 3 ஆகக் குறைந்தால், அந்தப் பயிற்சிக்கு மட்டும் ஒரு செட் கூட்ட வேண்டும்.

புதிதாகப் பலம் ஏறும் என்று இதில் எதிர்பார்க்க முடியாது. சீசன் முடிந்த முதல் வாரமே பழைய அளவுக்குத் தாவினால் தொடைவலியில் மாடிப்படி இறங்குவதே பாடாகிவிடும். வாரத்துக்கு ஒரு செட்டாகக் கூட்டிக்கொண்டு, மூன்றாவது நாளை அக்டோபர் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.