ஏழு பாசுரம், ஒரே ஞாயிறு

மார்கழியில் திருப்பாவை விளக்கம் போடும் சிறு யூடியூப் சேனல்கள் நிறைய உண்டு. பெரும்பாலும் மூன்று பேர்தான். ஒருவர் பாடிப் பொருள் சொல்வார், ஒருவர் போனில் படம் பிடிப்பார், இன்னொருவர் எடிட் செய்து ஏற்றுவார். யாருக்கும் சம்பளம் கிடையாது, பகலில் அவரவர் வேலை. அன்றன்றைய பாசுரத்தை முந்தின இரவு எடுத்து, விடியற்காலை ஐந்து மணிக்குள் ஏற்றுவதென்று தொடங்குவார்கள். பத்தாவது பாசுரத்துக்குள் ஒருவருக்குத் தொண்டை கட்டும், ஒருவருக்குத் தூக்கம் கெடும். பதினைந்தில் சேனல் நின்றுபோகும்.

இதில் களைப்பைத் தருவது பாட்டோ விளக்கமோ அல்ல, ஆயத்தம்தான். விளக்கு, பூ, கோலம், லைட், மைக் எல்லாம் வைத்துச் சரிபார்க்க முக்கால் மணி நேரம் ஆகிறது. ஆறு நிமிட வீடியோவை எடுக்கக் கால் மணி நேரம் போதும். இந்த ஆயத்தத்தைத் தினமும் செய்தால் வாரத்துக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் அதிலேயே போய்விடும். ஞாயிறு காலை ஒருமுறை வைத்துவிட்டு ஏழையும் எடுத்தால், உடை மாற்றவும் ஓய்வெடுக்கவும் நேரம் விட்டாலும் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும்.

ஆனால் ஒன்று முதல் ஏழு வரை வரிசையாக எடுக்கக் கூடாது. முதல் வாரத்தையே பார்ப்போம். நான்காம் பாசுரம் மழையைப் பற்றியது. வரிக்கு வரி ழகரம் வரும். நாக்கு சோர்ந்தபின் அதைப் பாடினால் ழகரம் லகரமாகிவிடும், கேட்பவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள். எனவே தொண்டை புதிதாக இருக்கும்போது அதுதான் முதலில். நோன்பின் விதிகளைச் சொல்லும் இரண்டாம் பாசுரத்தை விளக்குவது எளிது. அதைக் கடைசிக்கு வைக்கலாம். ஆறும் ஏழும் தூங்கும் தோழியை எழுப்புபவை, இரண்டிலும் பறவைகளின் ஒலி வருகிறது. அடுத்தடுத்து எடுத்தால் பேசுபவர் தன்னையறியாமல் ஒரே விளக்கத்தை இரண்டு முறை சொல்லிவிடுவார். நடுவே வேறொன்றை எடுப்பது நல்லது. வரிசை மாறுவதால், பாசுர எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் கேமராவுக்குக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் எடிட் செய்பவர் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து பார்த்துத் தேட வேண்டியிருக்கும்.

மொத்தமாக எடுப்பதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தினமும் எடுக்கும்போது மைக் சரியாக வேலை செய்யாவிட்டால் ஒரு வீடியோதான் வீண். இங்கே ஏழும் வீண். முதல் வீடியோ முடிந்ததும் எல்லாரும் சற்றுப் பொறுத்து, அதை முழுக்க ஹெட்போனில் கேட்டாக வேண்டும். அறையில் கேட்கும்போது தெரியாத ஃப்ரிட்ஜ் இரைச்சலும், அங்கவஸ்திரம் மைக்கில் உரசும் சரசரப்பும் அதில்தான் தெரியும். மின்விசிறியை நிறுத்தினால் இரைச்சலும் குறையும், விளக்கின் சுடரும் ஆடாது. போனில் இடம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். 1080p-யில் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 60 முதல் 130 எம்பி வரை பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். தடுமாறி மறுபடி எடுப்பதையும் சேர்த்தால் பத்து ஜிபியாவது காலியாக இருப்பது நல்லது.

சோர்வு ஐந்தாவது வீடியோவில் தலைகாட்டும். பேசுபவருக்கு அது தெரியாது. குரல் ஒரே மட்டத்தில் போகும், பேச்சு வேகமெடுக்கும். ஆறு நிமிடம் வர வேண்டியது நாலரையில் முடிந்துவிடும். படம் பிடிப்பவர் கடிகாரத்தைப் பார்த்தாலே போதும். அப்படி முடிந்தால் நிறுத்திவிட்டு, வெந்நீர் குடித்து அரை மணி நேரம் பேசாமல் இருக்க வேண்டும். பிறகும் சரியாகாவிட்டால் அன்றைக்கு ஐந்தோடு நிறுத்திக்கொள்ளலாம். தொய்ந்த குரலில் ஏழு எடுப்பதைவிட ஐந்து நன்றாக அமைவது மேல் என்பது என் கருத்து.

சுமை எடிட் செய்பவர் மேல் இறங்கிவிடாமலும் பார்க்க வேண்டும், ஏழு ஃபைல்கள் ஒரே நாளில் அவரிடம் வந்து சேர்கின்றன. முகவுரையையும் முடிவுரையையும் ஒருமுறை மட்டும் எடுத்து ஏழிலும் ஒட்டலாம். பேச்சு தடுமாறினால் ஒரு கைதட்டல் தட்டிவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும். எடிட் திரையில் ஒலிக்கோடு அந்த இடத்தில் செங்குத்தாக எழும்பி நிற்கும், வெட்ட வேண்டிய இடம் தானாகத் தெரியும். முடிந்ததை YouTube Studio-வில் Schedule கொடுத்து, தேதியும் காலை ஐந்து மணியும் போட்டுவிட்டால் அதிகாலையில் யாரும் விழித்திருக்க வேண்டாம்.

பேச்சிலும் கவனம் வேண்டும். “இந்தக் குளிர்ந்த விடியலில்” என்று ஞாயிறு பத்து மணிக்குச் சொல்வது பொய். “இன்றைய பாசுரம்” என்று சொல்வதில் தவறில்லை, அது அந்த நாளுக்கு உரியதுதான். டிசம்பரில் புயலும் வெள்ளமும் வரக்கூடும். ஊர் துயரத்தில் இருக்கும் காலையில், முன்பே எடுத்த உற்சாகமான முகவுரை தானாக வெளியாகக் கூடாது. மூவரில் ஒருவர் தினமும் இரவில் மறுநாள் வீடியோவை ஒருமுறை பார்த்து, தேவைப்பட்டால் முகவுரையை வெட்டிப் பாசுரத்தை மட்டும் விடலாம். இந்த வேலையை முறைவைத்து மாற்றிக்கொண்டால் ஒருவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று இரவுதான், அதுவும் பத்து நிமிடம்.