பனிப்பூ படம் வந்தால்தான் குளிரும்

ராமேஸ்வரம் லாட்ஜ்களில் ரிசப்ஷனுக்கு வரும் வழக்கமான புகார்: "ஏசி ஓடுது, குளிரலையே தம்பி!"

பல நேரம் ஏசியில் பழுதே இருக்காது. ரிமோட்டின் MODE பொத்தானில் கை பட்டு, திரையில் பனிப்பூ படம் போய் மின்விசிறிப் படம் வந்திருக்கும். அப்போது வெறும் காற்றுதான் வரும்.

அறை அட்டையில் இப்படி எழுதலாம்: "பனிப்பூ படம் வரும்வரை MODE அழுத்தவும். 24-இல் வைக்கவும். மூன்று நிமிடம் பொறுக்கவும்." அணைத்துப் போட்டால் கம்ப்ரஸர் உடனே கிளம்பாது, அதனால் கடைசி வரி அவசியம்.

டிவிக்கு இரண்டு ரிமோட் என்றால் 'டிவி', 'சேனல்' என ஸ்டிக்கர் ஒட்டலாம். வைஃபை பாஸ்வேர்டு எண்களாக மட்டும் இருந்தால் 0, O குழப்பம் வராது.

அச்சடிக்கும் முன், ஆங்கிலம் தெரியாத ஒருவரிடம் அட்டையைக் கொடுத்து ஏசியைப் போடச் சொல்லிப் பாருங்கள்.