கட்டூம்பாவுக்கு ஒருநாள் பயணம்: குளிரைவிட வியர்வைக்குப் பயப்படுங்கள்



யூலை மாதப் பாடசாலை விடுமுறை வந்தால் சிட்னியில் இருக்கும் எங்கள் ஆட்கள் பலர் புளூ மவுண்டன்ஸ் பக்கம் கிளம்பி விடுவார்கள். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து நின்றால் கட்டூம்பாவுக்குக் கூட்டிப்போய் மூன்று சகோதரிகள் பாறையைக் காட்டாமல் திருப்பி அனுப்புவதில்லை. இந்தப் பயணத்துக்கு எதை உடுத்துவது என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில், "அங்கே சரியான குளிர், தடிப்பாக உடுத்துங்கோ" என்பதுதான். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சில வருடங்களுக்கு முன் என் அத்தானுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு அந்தப் பதிலை மாற்றிக்கொண்டேன்.

அத்தானுக்கு அப்போது அறுபத்து நாலு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து அக்காவுடன் வந்திருந்தார். அன்று அவர் பருத்திப் பெனியன், அதற்கு மேல் பருத்திச் சேட், கம்பளி ஸ்வெற்றர், எல்லாவற்றுக்கும் மேல் என் மகனின் தடித்த ஜக்கெற் என்று நான்கு உடுப்பு போட்டிருந்தார். கீழே ஜீன்ஸ். எக்கோ பொயின்ற்றில் படம் எடுத்துவிட்டு, பிரின்ஸ் ஹென்றி கிளிஃப் வோக் என்ற மலை விளிம்புப் பாதையால் லூராப் பக்கம் நடந்தோம். அந்தப் பாதை சமதரை அல்ல. படி இறங்கும், பிறகு படி ஏறும். ஏறும்போது அத்தானுக்கு வேர்த்து ஒழுகியது. "ஜக்கெற்றைக் கழற்றுங்கோ அத்தான்" என்றதற்கு, "வேண்டாம் தம்பி, குளிர் பிடிச்சிடும்" என்றார்.

பிறகு காற்று வீசும் ஓரிடத்தில் இருந்து சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்தோம். கால் மணித்தியாலம் இருக்காது, அத்தான் நடுங்கத் தொடங்கிவிட்டார். தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்க விரல் வரவில்லை. "உள்ளுக்கு எல்லாம் ஈரமாக் கிடக்கு தம்பி" என்றார். மகனின் பையில் அவனுடைய உதைபந்தாட்ட ஜேர்சி ஒன்று காய்ந்தபடி இருந்தது. ஈரப் பெனியனையும் சேட்டையும் கழற்றி, உடம்பைத் துடைத்து, ஜேர்சியைப் போட்டு, அதன்மேல் அதே ஸ்வெற்றரையும் ஜக்கெற்றையும் போட்டுவிட்டோம். இருபது நிமிடத்தில் நடுக்கம் நின்றது. இப்போது அவர் உடம்பில் இருந்தது நான்கு அல்ல, மூன்று உடுப்புத்தான். உடுப்பின் எண்ணிக்கை குறைந்தும் உடம்பு சூடானது ஏன் என்பதே இன்று நான் சொல்ல வந்த விடயம்.

நான் கணக்காளன் என்பதால் இதை வரவு செலவாகவே பார்க்கிறேன். சும்மா இருக்கும் ஒரு மனித உடம்பு ஏறத்தாழ 100 வாற் வெப்பத்தை உண்டாக்குகிறது. ஒரு மணித்தியாலத்துக்கு அது 360 கிலோயூல். இது வரவு. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2.4 கிலோயூல் வெப்பம் வேண்டும். பெனியனிலும் சேட்டிலும் சேர்த்து 150 கிராம் வியர்வை ஊறியிருந்தால் அது காய 360 கிலோயூல் தேவை. அதாவது உடம்பின் ஒரு மணித்தியால வருமானம் முழுவதற்கும் சமம். இதில் ஒரு பங்கைச் சுற்றியுள்ள காற்றும் கொடுக்கும் என்றாலும், பெரும்பங்கு ஈரத்தை ஒட்டியிருக்கும் உடம்பிலிருந்துதான் போகும். நடக்கும்போது வருமானம் பல மடங்கு என்பதால் இந்தச் செலவு தெரியாது. உட்கார்ந்தவுடன் வருமானம் விழுந்துவிடும், செலவு மட்டும் தொடரும்.

இன்னொரு நட்டமும் உண்டு. உடுப்பு சூடு தருவதில்லை. அதன் இழைகளுக்குள் அகப்பட்ட காற்றுத்தான் உடம்பின் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது. பருத்தி நனைந்தால் அந்த இடைவெளிகளில் தண்ணீர் நிரம்பிவிடும். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். பருத்தி இழை தண்ணீரைத் தனக்குள்ளேயே உறிஞ்சும். பொலியெஸ்ரர் இழை அநேகமாக உறிஞ்சாது, அதில் நிற்பது இழைகளுக்கு இடையில் ஒட்டிய தண்ணீர் மட்டுமே. ஆகவே "விரைவில் காயும்" உடுப்பு என்பது ஏதோ மாயத்தால் காய்வதல்ல. அது முதலிலேயே குறைந்த தண்ணீரைக் கடன் வாங்குகிறது, அதனால் கடன் விரைவில் தீர்கிறது.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். நான் சமையலறைத் தராசில் ஒரு பருத்தி ரீ-சேட்டையும் ஒரு பொலியெஸ்ரர் ரீ-சேட்டையும் நிறுத்தேன். இரண்டையும் நனைத்து, சலவை இயந்திரத்தில் சுழற்றி எடுத்து மறுபடி நிறுத்தேன். பருத்தியில் 90 கிராமுக்கு மேல் தண்ணீர் நின்றது, மற்றதில் 30 கிராம்கூட இல்லை. அறைக்குள் கொடியில் போட்டதில் பொலியெஸ்ரர் அன்றிரவே காய்ந்துவிட்டது, பருத்தியின் தையல் ஓரங்கள் மறுநாள் காலையிலும் ஈரம். உங்களிடம் உள்ள உடுப்பில் எது மலைக்கு ஏற்றது என்று தெரியாவிட்டால் இப்படிச் செய்து பாருங்கள், கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை.

இனி அந்த ஒருநாள் பயணத்துக்கு என்ன உடுத்துவது என்று பார்ப்போம். கட்டூம்பா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரம். யூலையில் சிட்னியில் பகல் வெப்பநிலை சராசரியாக 17 பாகை என்றால் அங்கே 9, 10 பாகைதான், காற்று வீசினால் இன்னும் குறைவாகத் தெரியும். இதற்கு மூன்று அடுக்குப் போதும்.

முதலாவது, தோலை ஒட்டிய அடுக்கு. மெல்லிய பொலியெஸ்ரர் ரீ-சேட், அல்லது மெரினோ கம்பளிப் பெனியன். மெரினோ காய்வதற்குச் சற்றுக் கூட நேரம் எடுக்கும், ஆனால் ஈரமாக இருந்தாலும் அவ்வளவு குளிராது, மணமும் குறைவு. விலைதான் கூட. பிள்ளைகளின் விளையாட்டு ஜேர்சி இந்த வேலையை நன்றாகச் செய்யும். லேபிளைப் பார்த்து வாங்குங்கள். "ஸ்போர்ட்" என்று பெரிதாக எழுதியிருந்தாலும் உள்ளே அறுபது வீதம் பருத்தி இருக்கலாம். பலர் மறப்பது உள்ளாடையும் காலுறையும். மேலே எல்லாம் சரியாக இருந்து உள்ளே பருத்திப் பெனியன் இருந்தால் பயனில்லை.

இரண்டாவது, சூடு காக்கும் அடுக்கு. மெல்லிய பிளீஸ் சட்டை ஒன்று. பழைய உடுப்பு விற்கும் தர்மக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். தடித்த ஒன்றைவிட மெல்லிய இரண்டு நல்லது, ஒன்றைக் கழற்றினாலும் மற்றது இருக்கும்.

மூன்றாவது, காற்றையும் மழையையும் தடுக்கும் மெல்லிய மழை ஜக்கெற். இது நடக்கும்போது பெரும்பாலும் பைக்குள் இருக்க வேண்டியது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், படி ஏறும்போது பூட்டிப் போட்டால் உள்ளே வியர்வையால் நனைவீர்கள். தூறலில் ஏற வேண்டியிருந்தால் பிளீஸைக் கழற்றிவிட்டு, ஜக்கெற்றை மட்டும் சிப்பைத் திறந்தபடி போடுங்கள்.

கீழே ஜீன்ஸ் வேண்டாம். நனைந்த ஜீன்ஸ் அன்று முழுவதும் காயாது, முழங்காலையும் மடக்க விடாது. மெல்லிய நைலோன் காற்சட்டை நல்லது. பெண்கள் சல்வார் போடுவதானால் ஜோர்ஜெற் போன்ற செயற்கை இழைத் துணியில், கணுக்காலுக்கு மேல் நிற்கும்படி போடலாம். துப்பட்டாவைப் பைக்குள் வையுங்கள், படியில் காலில் தட்டும்.

உடுப்பைவிட முக்கியம், எப்போது போடுவது, எப்போது கழற்றுவது என்பது. ரயிலில் பிளீஸ் இருக்கட்டும். நடக்கத் தொடங்கும் முன் அதைக் கழற்றுங்கள். முதல் ஐந்து நிமிடம் சற்றுக் குளிர வேண்டும், அப்படிக் குளிராவிட்டால் நீங்கள் கூடுதலாக உடுத்தியிருக்கிறீர்கள். முதுகில் கையை விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் ஓர் அடுக்கைக் குறையுங்கள், அல்லது நடையை மெதுவாக்குங்கள். நின்றவுடன், குளிரும் வரை காத்திராமல், பிளீஸையும் ஜக்கெற்றையும் போட்டுவிட்டுப் பிறகு சாப்பாட்டைத் திறவுங்கள். அத்தான் செய்தது இதற்கு நேர் எதிர்.

ஆளுக்கொரு மாற்று உள்சட்டையும் ஒரு சோடி காலுறையும் பிளாஸ்ரிக் பையில் சுற்றி எடுத்துப் போங்கள், ஒரு கம்பளித் தொப்பியும். எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ வராது. உள்சட்டை நன்றாக நனைந்திருந்தால் அது உடம்பிலேயே காயட்டும் என்று விடாமல் மாற்றிவிடுங்கள். மேலே சொன்ன கணக்கில் அந்தக் கடனைக் கட்டாமலே தள்ளிவிடும் வழி இதுதான்.

ஒருவருக்கு நடுக்கம் வந்தால் அது எச்சரிக்கை. விரல் சொல்வழி கேளாமல் போவது, பேச்சுக் குழறுவது, கால் தடுமாறுவது அதற்கு அடுத்த படி. வயதானவர்களும் சிறு பிள்ளைகளும் "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார்கள், நீங்கள்தான் கவனிக்க வேண்டும். காற்றில்லாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈரத்தைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, விழுங்க முடிந்தால் இனிப்பான சூட்டுத் தேத்தண்ணி கொடுங்கள். கை காலைத் தேய்க்க வேண்டாம், மதுபானம் கூடாது. சூடேறாமலே நடுக்கம் நின்று, ஆள் மயங்கினாற்போல் இருந்தால் உடனே 000 அழையுங்கள்.

இது எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் விதி அல்ல. சனவரியில் 35 பாகை வெயிலில் சமதரையில் நடப்பதானால் ஈரத்தைப் பிடித்து வைக்கும் பருத்தியே உடம்பைக் குளிர்விக்கும், அப்போது அது வசதி. அதேபோல் பொலியெஸ்ரரும் பிளீஸும் நெருப்புப் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பார்பிகியூ அடுப்படியில் நிற்பவர் அதைக் கழற்றி வைப்பது நல்லது.

அத்தான் அடுத்த முறை வந்தபோது பெட்டியிலிருந்து பெனியன்களோடு ஓர் உதைபந்தாட்ட ஜேர்சியும் வெளியே வந்தது. "மலைக்குத்தான்" என்றார். அன்று லூரா வரை நடந்து, காற்றடிக்கும் அதே இடத்தில் இருந்து சாப்பிட்டோம். போத்தல் மூடியை அவர்தான் திறந்தார்.